பயிற்சித் திட்டமே இல்லாத சிறு கம்பெனிக்கு என்ன எழுதுவது? சில கேள்விகள்

திருப்பூரில் பி.காம். படிக்கிறேன். பயிற்சி கேட்டு ஒரு பனியன் கம்பெனிக்கு "எந்த வேலையும் செய்யத் தயார்" என்று எழுதினேன், பதிலே இல்லை.

அந்த வரிதான் சிக்கல். உங்களுக்கு என்ன வேலை தரலாம் என்று யோசிக்கும் பொறுப்பை முதலாளி தலையில் கட்டிவிட்டீர்கள். வேலையை நீங்களே குறிப்பிட்டுக் கேளுங்கள். உதாரணத்துக்கு, கொள்முதல் பில்களை ஜிஎஸ்டிஆர்-2பி-யோடு, அதாவது விற்றவர்கள் காட்டிய பில்களை வைத்து ஜிஎஸ்டி தளம் தரும் பட்டியலோடு ஒப்பிடுவது. நூலோ அட்டைப்பெட்டியோ விற்றவர் தன் கணக்கில் பில்லைக் காட்டாவிட்டால் வாங்கும்போது கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ளும் வரி வரவை முதலாளி எடுக்க முடியாது, கைப்பணத்தைத்தான் கட்ட வேண்டும். இது அவருக்கும் தெரியும், ஆனால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்க்க அங்கே ஆள் இருக்காது. இப்படி எழுதலாம்:

"கடந்த மூன்று மாதக் கொள்முதல் பில்களை 2பி-யோடு ஒப்பிட்டு, விடுபட்டவை, தொகை மாறியவை, யாருக்குப் போன் செய்ய வேண்டும் என ஒரு பக்கப் பட்டியல் தருகிறேன். உங்கள் அலுவலகக் கணினியிலேயே செய்வேன். ஜிஎஸ்டி தளத்தின் பாஸ்வேர்டு வேண்டாம், நீங்கள் இறக்கித் தரும் எக்செல் கோப்பு போதும்."

கடைசி வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். கணக்கு வெளியே போய்விடுமோ என்ற பயம் எந்த முதலாளிக்கும் உண்டு.

அப்புறம், அனுப்புவதற்கு முன் பெயர்ப்பலகையைப் பாருங்கள். காம்போசிஷன் என்ற, விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் கட்டும் முறையில் இருப்பவர் அதைப் பலகையில் எழுதியிருக்க வேண்டும். அவருக்கு வரி வரவே கிடையாது என்பதால் இந்த வேலையும் அங்கே கிடையாது. அங்கே வசூலாக வேண்டிய பாக்கிப் பட்டியல் போடுகிறேன் என்று கேட்கலாம்.

எத்தனை நாள் கேட்பது? கல்லூரியில் 30 நாள் என்கிறார்கள்.

30 நாளே கேளுங்கள், ஆனால் தேதியைக் கவனித்துப் போடுங்கள். மாதாமாதம் தாக்கல் செய்யும் கம்பெனிக்கு 2பி 14ஆம் தேதி வரும், வரியைக் கணக்கிட்டுக் கட்டும் படிவமான 3பி-க்குக் கடைசி நாள் 20. மாதத்தின் முதல் தேதியில் சேர்ந்தால் முதல் இரண்டு வாரம் பழைய பில்களில் பழகிக்கொண்டு, 14க்கும் 20க்கும் நடுவில் முந்தைய மாதக் கணக்கில் நிஜமாகவே உதவலாம். 20ஆம் தேதி போய் நின்றால் உங்களை உட்கார வைக்கக்கூட யாருக்கும் நேரம் இருக்காது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கல் செய்பவர் என்றால் 2பி-யும் அப்படித்தான் வரும், அதனால் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். தினம் மூன்று மணி நேரம் போதும். நாள் முழுக்க என்றால் உட்கார மேசை எங்கே என்ற கேள்வி வரும்.

நான் என்ன கற்றுக்கொள்வேன் என்பது முதலாளிக்கு எதற்கு?

அவர் எதைச் சொல்லித்தர வேண்டியிருக்கும் என்று அதை வைத்துத்தான் கணக்குப் போடுவார். "தொழில் அனுபவம்" என்று எழுதினால் ஒன்றும் புரியாது. "பில் ஏன் பொருந்தவில்லை என்று கண்டுபிடிக்கக் கற்பேன்: பில் எண் தவறா, ஜிஎஸ்டி எண் தவறா, விற்றவர் தாக்கலே செய்யவில்லையா. வாரம் ஒருமுறை உங்கள் கணக்காளர் 15 நிமிடம் பார்த்தால் போதும்" என்று எழுதுங்கள்.

சம்பளம் பற்றி எழுதலாமா?

எழுதுங்கள், ஒரே வரி. பேசாமல் விட்டால் பின்னால் கேட்பீர்களோ என்று அவர் தயங்குவார். இலவசம் என்றால் இலவசம், பஸ் செலவு வேண்டுமென்றால் அதையும் சொல்லிவிடுங்கள்.