பச்சை இலை, பிளாஸ்டர், ரெண்டு விரல்

கேள்வி: அம்மா அப்பாவுக்கு எழுபது தாண்டிட்டுது. போனில் நல்லாத்தான் படம் எடுக்கினம், ஆனால் குப்பை, வயர், ஆரோ ஒராளின்ட கால் எண்டு ஏதாவது படத்துக்குள்ள வந்திடுது. காசில்லாத ஆப் ஒண்டில அதை அவையே அழிக்கிற மாதிரி எப்படிச் சொல்லிக் குடுக்கிறது?

என் அம்மாவுக்கு 71, அப்பாவுக்கு 76. திருகோணமலையில் இருக்கிறார்கள். போன மாதம் ஊருக்குப் போனபோது இருவருக்கும் இதைச் சொல்லிக்கொடுத்தேன். ஆப் Snapseed. அதில் எத்தனையோ கருவிகள் இருந்தாலும் Healing என்ற ஒன்றைத்தான் முக்கியமாகக் காட்டினேன். காசு கேட்காது, நடுவில் விளம்பரமும் வராது. வயதானவர்களுக்கு இந்த இரண்டாவது விஷயம் பெரிது. விளம்பரத்தில் விரல் பட்டு வேறெங்கோ போய்விட்டால், தாங்கள்தான் போனைக் கெடுத்துவிட்டோம் என்று பயந்து அதோடு விட்டுவிடுவார்கள்.

முதல் நாள் நான் ஒரு பிழை விட்டேன். அம்மாவின் போனை வாங்கி, "இஞ்ச பாருங்கோ அம்மா" என்று நானே செய்து காட்டினேன். தலையாட்டினார். அடுத்த நாள் ஆப்பைத் திறக்கவே தெரியவில்லை. அதற்குப் பிறகு போன் என் கைக்கு வரவேயில்லை. மேசையில் வைத்து அவரே தொட்டார், நான் பக்கத்தில் இருந்து வாயால் மட்டும் சொன்னேன். போனைக் கையில் பிடித்தால் படம் ஆடும், விரல் நடுங்கும். மேசையில் வைத்ததும் பாதிக் கஷ்டம் போய்விட்டது.

பழகுவதற்கு எடுத்தது அம்மாவே எடுத்த படம். கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில் கோட்டைக்குள் மான்கள் மேயும், தெரிந்திருக்கும். அங்கே வேட்டி சால்வையோடு அப்பா நிற்கிறார், பக்கத்தில் இரண்டு மான்கள். புல்லின் நடுவில் ஒரு நீலப் பொலித்தீன் பை. மேலே வானத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு வயர். ஒரு மானின் குளம்போடு ஒட்டினாற்போல் ஒரு காகிதத் துண்டு. இடது ஓரத்தில் யாரோ ஒருவரின் செருப்புக் கால்.

பொலித்தீன் பையில் தொடங்கினோம், அதுதான் ஆகச் சுலபம். அம்மாவின் ஆண்ட்ராய்டு போனில் வழி இதுதான்: பச்சை இலை மாதிரி இருக்கிற Snapseed அடையாளத்தைத் தொட வேண்டும். நடுவில் பெரிய கூட்டல் குறி வரும், அதைத் தொட்டுப் படத்தை எடுக்க வேண்டும். கீழே Tools, அதற்குள் Healing. அந்தக் கருவிக்கு அடையாளமாகக் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டர் போட்டிருக்கிறது. அம்மா ஆங்கில எழுத்தைத் தேடவில்லை, "பிளாஸ்டர் எங்க?" என்றுதான் தேடினார். அப்படியே விட்டுவிட்டேன்.

பிளாஸ்டரைத் தொட்டதும் உடனே அழிக்க விடாதீர்கள். முதலில் இரண்டு விரலால் விரித்துப் படத்தைப் பெரிதாக்க வேண்டும். இந்தக் கருவியில் தூரிகையின் அளவை மாற்ற வேறு வழி கிடையாது. படம் பெரிதாகப் பெரிதாக, விரல் படுகிற இடம் படத்தில் சிறிதாகும். பெரிதாக்காமல் பையைத் தொட்டால் பக்கத்தில் நிற்கிற மானின் காலும் சேர்ந்து போகும். அம்மாவுக்கு முதல் தடவை அதுதான் நடந்தது.

பெரிதாக்கிய பின் ஒரு விரலால் பையின் மேல் பூச வேண்டும். பூசிய இடம் சிவப்பாகத் தெரியும், விரலை எடுத்ததும் அந்த இடத்தில் புல் வந்துவிடும். பையோடு அதன் நிழலையும் சேர்த்துப் பூசச் சொல்லுங்கள். அம்மா நிழலை விட்டுவிட்டார். பை போன பிறகும் புல்லில் ஒரு கறுப்புத் தேமல் கிடந்தது. என்ன பிழை என்று அவருக்குப் பிடிபடவில்லை, ஆனால் "ஏதோ சரியில்ல தம்பி" என்று கண் சொல்லிவிட்டது.

வயதானவர்கள் எல்லோரும் தடுமாறுகிற இடம் ஒன்று இருக்கிறது. படத்தை நகர்த்த நினைத்து ஒரு விரலால் இழுப்பார்கள், ஆப் அதையும் பூசுவதாக எடுத்து அப்பாவின் சால்வையில் ஒரு கோடு போட்டுவிடும். "ஒரு விரல் அழிக்கும், ரெண்டு விரல் நகர்த்தும்" என்று அம்மா கொப்பியில் எழுதி வைத்தார். தவறினால் கீழே பின்னோக்கி வளைந்த அம்புக்குறியைத் தொட்டால் போதும், கடைசியாகச் செய்தது திரும்பிவிடும். அந்த அம்புக்குறியை வேண்டுமென்றே பத்துத் தடவை தொட வைத்தேன். அதற்குப் பிறகுதான் அவருடைய பயம் தெளிந்தது.

வயருக்கு ஒரு சின்ன விளக்கம் தேவைப்பட்டது. இந்தக் கருவிக்கு வயருக்குப் பின்னால் என்ன இருந்தது என்று தெரியாது. பக்கத்தில் இருப்பதை எடுத்து அந்த இடத்தில் வைக்கிறது, அவ்வளவுதான். அம்மாவுக்கு நான் சொன்னது, "கிழிஞ்ச சீலைக்கு அதே சீலையில துண்டு எடுத்து ஒட்டுப் போடுற மாதிரி." உடனே விளங்கிக்கொண்டார், ஒட்டுப் போட்டுப் பழகிய கை. வெறும் வானத்தில் ஒட்டுத் தெரியாது, இலைகளுக்கு நடுவிலும் தெரியாது. ஆனால் அந்த வயர் ஒரு கூரையின் விளிம்பைக் கடந்து போன இடத்தில் விளிம்பு நெளிந்துவிட்டது. முழு வயரையும் ஒரே இழுப்பில் அழிக்காமல், கூரைக்கு இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று துண்டு துண்டாக அழித்தோம். விளிம்பைத் தொடுகிற இடத்தை மட்டும் இன்னும் பெரிதாக்கி, கடைசியில் ஒரு சின்னத் தொடுகையால் முடித்தோம்.

குளம்போடு ஒட்டிய காகிதம் மூன்று தடவையும் சரிவரவில்லை. ஒவ்வொரு தடவையும் குளம்பின் நுனி புல்லாகிப் போனது. அதை விட்டுவிடச் சொன்னேன். முகம், கைவிரல், எழுத்து, நேர்கோடு இவற்றோடு ஒட்டி நிற்பவற்றை இந்தக் கருவியால் பெரும்பாலும் சுத்தமாக எடுக்க முடியாது. ஓரத்தில் இருந்த செருப்புக் காலுக்கும் பிளாஸ்டர் வேண்டாம். அது பெரியது, பூசினால் அந்த இடம் கலங்கிவிடும். கீழே சரி அடையாளத்தைத் தொட்டுப் பிளாஸ்டரை முடித்துவிட்டு, Tools-க்குள் Crop எடுத்து அந்த ஓரத்தையே வெட்டிவிட்டோம்.

சரியாக வந்ததா என்று பார்க்கவும் சொல்லிக்கொடுங்கள். படத்தைப் பழையபடி சிறிதாக்கி, கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்க்க வேண்டும். ஒரே புல் கற்றை பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தடவை வந்திருந்தால், அல்லது ஈரக்கையால் தேய்த்த மாதிரி ஓர் இடம் மங்கியிருந்தால், பின்னோக்கி வந்து திரும்பவும் பூச வேண்டும். அதே இடத்தைக் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ பூசினாலே வேறு மாதிரி வரும்.

எல்லாம் முடிந்ததும் கீழே சரி அடையாளம், பிறகு Export, அதில் Save. அம்மாவின் போனில் இது புதிதாக ஒரு பிரதியாகத்தான் சேரும், முதல் படம் அப்படியே இருக்கும். இதை அப்பாவுக்கு இரண்டு தடவை கலரியில் திறந்து காட்ட வேண்டியிருந்தது, அதன் பிறகுதான் தன் போனைத் தொட விட்டார். சரி அடையாளத்தைத் தொடாமல் வெளியே வந்தால் செய்த வேலை முழுவதும் போய்விடும், அதையும் கொப்பியில் எழுத வையுங்கள்.

வட்ஸ்அப்பில் வந்த படத்தில் பழக்காதீர்கள். அனுப்பும்போதே அதன் அளவு குறைந்துவிடும், பெரிதாக்கினால் எல்லாம் மங்கலாகத் தெரியும், எது பை எது புல் என்று அவர்களுக்குப் பிடிபடாது. அவர்களுடைய போனிலேயே எடுத்த படத்தைத் திருத்தி, அதற்குப் பிறகு அனுப்பட்டும்.

போன ஞாயிறு அம்மா நிலாவெளிக் கடற்கரைப் படம் ஒன்று அனுப்பினார். மணலில் ஒரு போத்தல் மூடி கிடந்ததாம். எங்கே கிடந்தது என்று கேட்டேன். "நீ கண்டுபிடி பாப்பம்" என்றார். பெரிதாக்கிப் பார்த்தேன், கண்டுபிடிக்க முடியவில்லை.