வயல் மூழ்கியும் காப்பீட்டுப் பணம் ஏன் வரவில்லை?

கேள்வி: சேரன்மகாதேவி பக்கம் ரெண்டு ஏக்கர் பிசானம் நெல் போடுறேன். சொசைட்டியில இன்சூரன்ஸ் கட்டினேன். வாய்க்கால் உடைஞ்சு என் வயல் முழுசா முங்கிட்டு. பக்கத்து ஊருக்குப் பணம் வந்திருக்கு, எங்க ஊருக்கு வரலை. இந்த வருஷம் கட்டணுமா, வேண்டாமா? கட்டினா எதுக்கெல்லாம் கிடைக்கும், எப்போ கிடைக்கும்?

பதில்: கட்டுங்கள் அண்ணாச்சி. ஆனால் இந்தக் காப்பீடு உங்கள் வயலைப் பார்த்துப் பணம் தருவதில்லை, ஊரைப் பார்த்துத்தான் தருகிறது என்பதைத் தெரிந்துகொண்டு கட்டுங்கள். பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் வறட்சி, வெள்ளம், புயல், பூச்சி, நோய் எல்லாமே அடக்கம். ஆனால் இழப்பை அளப்பது வருவாய் கிராமம் அல்லது பிர்கா அளவில். உங்கள் பயிர் எந்த அளவில் வருகிறது என்பது அந்தப் பருவத்து அறிவிப்பில் இருக்கும்.

அளக்கும் விதம் இது. அறுப்பு சமயத்தில் அலுவலர்கள் வந்து, முன்கூட்டியே குலுக்கலில் தேர்ந்த வயலில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, அதற்குள் இருக்கும் கதிரை மட்டும் அறுத்து, அடித்து, எடை போடுவார்கள். 9¼ கிலோ வந்தால் ஏக்கருக்குச் சுமார் 1,500 கிலோ. இப்படிப் பல வயல்களின் சராசரிதான் ஊரின் மகசூல். கடந்த ஏழு ஆண்டுகளில் சிறந்த ஐந்தின் சராசரியை வைத்து உத்தரவாத மகசூல் என்று ஒன்றை முன்பே நிர்ணயித்திருப்பார்கள். அதற்கு எத்தனை சதவீதம் குறைகிறதோ, காப்பீட்டுத் தொகையில் அத்தனை சதவீதம் கிடைக்கும்.

ஏக்கருக்குக் காப்பீட்டுத் தொகை 36,000 ரூபாய், உத்தரவாத மகசூல் 2,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பக்கத்து ஊரின் சராசரி 1,500 என்றால் குறைவு 25 சதவீதம். ஏக்கருக்கு 9,000 ரூபாய். உங்கள் ஊரில் மற்ற வயல்கள் நன்றாக விளைந்து சராசரி 2,050 வந்தால், உங்கள் வயலில் ஒரு மணி கூடத் தேறாவிட்டாலும் பணம் கிடையாது. போன முறை நடந்தது பெரும்பாலும் இதுதான். ஆகவே அறுவடைப் பரிசோதனை எந்த வயலில், எந்த நாளில் என்று வேளாண்மை அலுவலகத்தில் கேட்டு, நாலு பேராகப் போய் நில்லுங்கள். எடை தவறினால் ஊர் முழுக்கப் பாதிக்கும்.

தனி வயலுக்கு என்று சில இழப்புகள் தனியாக உண்டு: ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, மேகவெடிப்பு, மின்னலால் பிடித்த தீ. நெல் வயல் நீரில் மூழ்குவதை 2018-ல் இந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். 2026 காரீஃப் முதல் அதையும் காட்டு விலங்குச் சேதத்தையும் சேர்ப்பதாக 2025 நவம்பரில் மத்திய அரசு அறிவித்தது. நம் மாவட்டத்துக்கு அது உண்டா என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள். உங்களுக்கு முக்கியமான கேள்வி இதுதான். அறுத்து வயலிலேயே காயப் போட்ட கதிருக்கு 14 நாள் வரை புயல், பருவம் தப்பிய மழையிலிருந்து பாதுகாப்பு உண்டு. மிஷினில் அறுத்து ரோட்டில் கொட்டிக் காயவைக்கும் நெல்லுக்கு அது கிடையாது.

தனி வயல் இழப்பு என்றால் 72 மணி நேரத்துக்குள் 14447-க்குப் போன் செய்யுங்கள். விண்ணப்ப எண், சர்வே எண், சேதமான நாள், காரணம் நான்கையும் சொல்லி, புகார் எண்ணை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வடியட்டும் என்று காத்திருந்து பலர் இந்தக் கெடுவைத் தவறவிடுகிறார்கள். விதிப்படி 48 மணி நேரத்தில் மதிப்பீட்டாளர் நியமனம், பத்து நாளில் ஆய்வு, அறிக்கை வந்து 15 நாளில் பணம். அவர் வரும்வரை வயலை உழுதுவிடாதீர்கள்.

ஊர் சராசரிக் கணக்குக்கு நீங்கள் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் நாள் பிடிக்கும். அறுப்பு முடிந்து ஒரு மாதத்தில் மகசூல் விவரம் போக வேண்டும், அது கிடைத்து மூன்று வாரத்தில் கம்பெனி பணம் தர வேண்டும். மார்ச்சில் அறுத்தால் காகிதப்படி மே மாதம். பிரீமிய மானியத்தில் மாநிலத்தின் பங்கு தாமதமானாலோ, எடைக் கணக்கில் கம்பெனி ஆட்சேபம் எழுப்பினாலோ மாதக்கணக்கில் இழுக்கும். அடுத்த கார் சாகுபடிச் செலவுக்கு இந்தப் பணத்தை நம்பிக் கடன் வாங்க வேண்டாம்.

பிசானம் நெல்லுக்கு உங்கள் பங்கு காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்: மேலே வைத்துக்கொண்ட 36,000 ரூபாய்க் கணக்குப்படி ஏக்கருக்கு 540, இரண்டு ஏக்கருக்கு 1,080 ரூபாய். கம்பெனி கேட்கும் முழுப் பிரீமியம் 11.5 சதவீதம் என்றால் ஏக்கருக்கு 4,140 ரூபாய் ஆகும். மீதி 3,600-ஐ மத்திய அரசும் மாநில அரசும் பாதிப் பாதியாகக் கட்டுகின்றன. இந்த விலைக்கு வேறு காப்பீடு கிடைக்காது என்பதால்தான் கட்டச் சொல்கிறேன்.

பதிவுக்கு இந்தப் பருவத்து அடங்கல், சிட்டா, ஆதார், பாஸ்புக் வேண்டும். ரசீதில் கிராமப் பெயரையும் சர்வே எண்ணையும் அங்கேயே நின்று படித்துப் பாருங்கள். பக்கத்துக் கிராமத்தின் பெயர் விழுந்திருந்தால் கணக்கும் அந்த ஊர் சராசரிப்படிதான் வரும். கெடு முடிவதற்குள் என்றால் திருத்துவது சுலபம்.