பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் புது ஆம்லெட்?

கேள்வி: எங்கள் வீட்டில் ஐந்து பேர். ராத்திரி எட்டு மணிக்கு முட்டைக் குழம்பு வைப்பேன். கணவர் கடையை அடைத்துவிட்டு வந்து சாப்பிடப் பத்தரை ஆகும். அதனால் சட்டி அடுப்பு மேலேயே இருக்கும். காலையில் மிச்சத்தைக் கொதிக்கவைத்து நானும் மாமியாரும் தோசைக்குத் தொட்டுக்கொள்வோம். பிள்ளைகளுக்கு மட்டும் புதிதாக ஆம்லெட் போட்டுவிடுவேன். போன மே மாதம் ஒரு நாள் காலை எட்டு மணிக்கு அப்படிச் சாப்பிட்டோம். பத்தரைக்கெல்லாம் மாமியாருக்கு (72 வயது, சுகர் உண்டு) நிற்காத வாந்தி. எனக்கு வெறும் குமட்டலோடு போயிற்று. குழம்பில் வாடையே இல்லை, தளதளவென்று கொதிக்கவும் வைத்தேன். குறை எங்கே? பொரித்த கோழி, ஆம்லெட் மிஞ்சினாலும் இப்படித்தானா?
– வாசகி, மதுரை

பதில்: ‘பிள்ளைகளுக்கு மட்டும் புதிதாக ஆம்லெட்’ என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை. வாடை இல்லை, கொதிக்கவைத்தேன் என்று குழம்புக்காக இவ்வளவு வாதாடுகிறீர்களே, அது நல்ல குழம்பு என்று உங்கள் மனது நம்பியிருந்தால் பிள்ளைகளுக்கும் அதையே ஊற்றியிருப்பீர்கள். சந்தேகம் இருந்திருக்கிறது. சந்தேகப்பட்ட குழம்பை 72 வயது சுகர்காரருக்குப் பரிமாறியிருக்கிறீர்கள்.

கெட்டுப்போன சாப்பாடு யாரை அதிகம் பாதிக்கும் என்று ஒரு வரிசை போட்டால், சின்னப் பிள்ளைகள் பக்கத்திலேயே வயதானவர்களும் சர்க்கரை நோயாளிகளும் நிற்பார்கள். நீங்கள் வரிசையில் ஒரு பாதியை மட்டும் காப்பாற்றினீர்கள். உங்களுக்குக் குமட்டலோடு போனதும் உங்கள் அத்தைக்கு வாந்தி நிற்காமல் போனதும் அதனால்தான் இருக்கும்.

சரி, கொதிக்கவைத்தும் ஏன் இப்படி ஆயிற்று என்கிறீர்கள். குழம்பைப் பரிசோதனைக்கு அனுப்பாமல் யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் எட்டுக்குச் சாப்பிட்டுப் பத்தரைக்கு வாந்தி என்கிற கணக்கு ஒரு கிருமிக்கு நன்றாகப் பொருந்துகிறது. ஸ்டஃபிலோகாக்கஸ் என்று பெயர். மனிதர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் மூக்கில் அது சும்மா குடியிருக்கும். அங்கிருந்து கைக்கு வரும். இப்போது நீங்கள் முட்டைக் குழம்பு வைப்பதை நினைத்துப் பாருங்கள். முட்டையை வேகவைத்து, தண்ணீரில் போட்டு, ஓட்டைக் கையால் உரித்து, கத்தியால் நாலு கீறல் கீறிக் குழம்பில் போடுகிறீர்கள். வெந்த பிறகு இவ்வளவு நேரம் கையில் புரள்கிற பொருள் நம் சமையலில் அதிகம் கிடையாது. குழம்பு அதற்குப் பிறகு நன்றாகக் கொதித்தால் அந்தக் கிருமி செத்துவிடும். ஆனால் நம்மில் பலர் குழம்பை இறக்கிவிட்டுத்தான் முட்டையைப் போடுகிறோம், கரைந்துவிடக் கூடாதே என்று. அப்புறம் பத்தரை மணிக்கு உங்கள் கணவர் எடுத்த கரண்டி, விட்ட கை என்று வழிகள் இன்னும் உண்டு.

எட்டு மணியிலிருந்து காலை ஏழரை வரை பதினொன்றரை மணி நேரம். கனமான சட்டி, மேலே மூடி, மதுரை மே மாதம். அந்தக் குழம்பு ராத்திரி முழுக்க வெதுவெதுப்பைத் தாண்டி ஆறியிருக்காது. கிருமிக்கு இதைவிடச் சொகுசு வேண்டாம். தோதான சூட்டில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு மடங்காகும். ஒன்று, நாலு மணி நேரத்தில் நாலாயிரம். பெருகும்போதே குழம்பில் ஒரு நஞ்சைக் கக்கி வைக்கும். காலையில் நீங்கள் கொதிக்கவைத்தபோது கிருமி செத்தது, நஞ்சு சாகவில்லை. அரை மணி நேரம் கொதித்தாலும் அது தாங்கும். அதற்கு வாடையும் கிடையாது, ருசியும் மாறாது. தேங்காய் ஊசினால் மூக்குக்குத் தெரியும், நூல் விட்டால் கண்ணுக்குத் தெரியும். இது எதற்கும் தெரியாது. (மஞ்சள் கருவைச் சுற்றி வரும் பச்சை வளையத்தைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. அது முட்டை அதிக நேரம் வெந்ததால் வருவது, பாவம், அதன் மேல் குற்றமே இல்லை.)

நேற்று வைத்த மீன் குழம்பு ருசியாக இருக்கிறதே என்று உங்கள் அத்தையே கேட்பார். அது கெட்டியாகப் புளி கரைத்த குழம்பு. அந்தப் புளிப்பில் கிருமி லேசில் பெருகாது. நீங்கள் தக்காளியும் தேங்காயும் அரைத்து ஊற்றுகிற முட்டைக் குழம்பில் அந்தக் காவல் இல்லை. மீன் குழம்பையும் நான் இப்போது ஃப்ரிட்ஜில்தான் வைக்கிறேன்.

பொரித்த கோழியும் ஆம்லெட்டும் விதிவிலக்கு இல்லை. மேலே மொறுமொறுவென்று காய்ந்திருந்தாலும் உள்ளே ஈரச் சதை. ஆம்லெட்டில் வெங்காயம் வேறு. சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குப் போக வேண்டும். வெயில் காலத்தில் சமையலறை கொதிக்கிற நாளில் ஒரு மணி நேரம்தான். ராத்திரி முழுக்க வெளியில் கிடந்ததைச் சுடவைத்தும் தின்னக் கூடாது, ஆறியதாகவும் தின்னக் கூடாது. குப்பைக்குத்தான்.

நீங்கள் செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. குழம்பு இறங்கியதும் காலைக்கு வேண்டியதைத் தனியாக எடுத்து, அகலமான, ஆழமில்லாத பாத்திரத்தில் ஊற்றித் தண்ணீர்த் தாம்பாளத்தில் வையுங்கள். அரை மணியில் சூடு தணியும், அப்படியே ஃப்ரிட்ஜில் ஏற்றுங்கள். லேசாகச் சூடு மிச்சமிருந்தால் ஃப்ரிட்ஜ் ஒன்றும் ஆகிவிடாது. காலைக்கான முட்டையை உரிக்கவே வேண்டாம். ஓட்டோடு ஃப்ரிட்ஜில் வைத்து, காலையில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உரித்து, கொதிக்கிற குழம்பில் போட்டுச் சில நிமிடம் விடுங்கள். முட்டையின் நடுப்பகுதியும் சூடேற வேண்டும். ஒருமுறை சுடவைத்தது மறுபடி ஃப்ரிட்ஜுக்குப் போகக் கூடாது.

உங்கள் கணவருக்கும் ஒரு வார்த்தை. வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவர் அவர். அவர் பங்கைத் தனிக் கிண்ணத்தில் போட்டு ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். பத்தரைக்கு எடுத்து, ஆவி பறக்கச் சுடவைத்துச் சாப்பிடட்டும். கடையில் கல்லா சாவியை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டு வருகிறவரா அவர்? தன் தாய் காலையில் என்ன சாப்பிடப் போகிறார் என்பதை மட்டும் உங்கள் தலையில் விட்டுவிட்டுப் படுக்கப் போகலாமா?

என் அம்மாவும் சட்டியின் அடியில் இருப்பதைத்தான் தன் பங்கு என்று வைத்திருந்தார். நாங்கள் அதைத் தியாகம் என்று சொல்லிக்கொண்டோம். எனக்கு இன்றைக்கு அது வீட்டின் சோம்பேறித்தனமாகத்தான் தெரிகிறது. சாப்பாட்டை வீணாக்குவது பாவம் என்று வளர்ந்தவள்தான் நானும். அதனால்தான் சொல்கிறேன், எத்தனை முட்டை வேகவைக்கிறோம் என்று ராத்திரியே எண்ணுங்கள்.

இன்னொருமுறை அத்தைக்கு அப்படி வாந்தி வந்தால் வீட்டில் காத்திருக்காதீர்கள். சுகர் மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பாடு தங்காமல் போனால் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடலாம். ஓ.ஆர்.எஸ். தண்ணீரை மடக்கு மடக்காகக் கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். அவர் போடும் மாத்திரைகளின் அட்டைகளையும் கையோடு எடுத்துப் போங்கள்.

நாளைக் காலையில் ஆம்லெட் போடுவதாக இருந்தால், முதல் ஆம்லெட் அத்தை தட்டுக்கு.