கூட்டமான படத்தில் பறவை எண்ணுவது எப்படி? கேள்வி பதில்

தஞ்சாவூர் கல்லூரி மாணவி: ஜனவரி நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்கு முதல் முறையாகப் போகப் போகிறேன் அண்ணா. பயிற்சிப் படங்களில் நாலு கூழைக்கடா இருந்தால் எல்லோரும் நாலு என்கிறோம். உள்ளான் கூட்டம் என்றால் ஒருவர் 300, இன்னொருவர் 500. ஏன் இவ்வளவு வித்தியாசம்?

பதில்: நாலு வரைக்கும் நாம் எண்ணுவதே இல்லைம்மா. பார்த்ததும் தெரிந்துவிடுகிறது. 1871இல் ஜெவன்ஸ் என்ற ஆங்கிலேயப் பொருளியலாளர் இதைத் தன்மீதே சோதித்துப் பார்த்தார். ஒரு பெட்டிக்குள் கறுப்பு அவரை விதைகளை வீசி, விழுந்த கணத்தில் எத்தனை என்று சொல்லிவிட்டு, பிறகு எண்ணிச் சரிபார்த்தார். ஆயிரம் முறைக்கு மேல் செய்தார். மூன்று, நான்கு விதைகளில் ஒரு முறைகூடத் தவறவில்லை. ஐந்திலேயே தவறு தொடங்கிவிட்டது. அதற்கு மேல் கூடிக்கொண்டே போனது.

நாலைத் தாண்டினால் இரண்டே வழிகள்தான். ஒன்று, குத்துமதிப்பாகச் சொல்வது. இதில் பிழை எண்ணிக்கையோடு சேர்ந்து வளரும். 20 பறவையில் மூன்று பிசகுகிறவர் 200இல் முப்பது பிசகுவார். உங்கள் 300க்கும் 500க்கும் காரணம் இதுதான்.

இன்னொன்று, ஒவ்வொன்றாக எண்ணுவது. ஒரு பறவையை விட்டுவிடவோ இரண்டு முறை எண்ணவோ நூற்றில் ஒரு வாய்ப்பு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பறவையைப் பிசகே இல்லாமல் எண்ணி முடிக்க நூற்றுக்கு 95 வாய்ப்பு. ஐம்பது என்றால் 60தான். ஐந்நூறு என்றால் நூற்றில் ஒன்றுகூடக் கிடையாது. ஆகவே "ஐந்து" என்று யாராவது சொன்னால் அது ஐந்தேதான் என்று எடுத்துக்கொள்ளலாம். "ஐந்நூறு" என்றால் ஐந்நூறையொட்டி என்றுதான் பொருள்.

கோயம்புத்தூரில் மென்பொருள் வேலை பார்ப்பவர்: இதில் எனக்கு உடன்பாடில்லை. சிலது விட்டுப்போகும், சிலது இரண்டு முறை எண்ணப்படும். ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். எண்ணிக்கை கூடக்கூட சதவீதப் பிழை குறையத்தானே வேண்டும்?

பதில்: பாதி சரி, அந்தப் பாதி முக்கியமானதும்கூட. ஐந்நூறில் நூற்றுக்கு ஒன்று விடுபட்டு, நூற்றுக்கு ஒன்று இரட்டிப்பாகிறது என்றால், மொத்தம் ஏறக்குறைய மூன்று பறவை அளவுக்குத்தான் முன்பின் ஆகும். அது ஒரு சதவீதத்துக்கும் கீழே. கைப்பிழையை மட்டும் பார்த்தால் நீங்கள் சொல்வதுதான் நடக்கிறது.

ஆனால் கூட்டமான படத்தில் பெரிய பிழை கையில் இல்லை, மறைப்பில் இருக்கிறது. கோடியக்கரையில் வரப்பு மேல் நின்று பூநாரைக் கூட்டத்தை எடுக்கிறீர்கள். கேமரா உங்கள் கண் உயரத்தில் இருக்கிறது. முன்வரிசை முழுசாகத் தெரியும். அடுத்த வரிசையில் முதுகும் கழுத்தும் தெரியும். அதற்கும் பின்னால் கழுத்து மட்டும்தான், அதுவும் நிமிர்த்தியிருந்தால். தலையை நீருக்குள் விட்டு மேய்கிற பறவைக்கு அதுவும் இல்லை. இல்லாத பறவையை இருப்பதாகக் காட்டும் எதிர்ப்பிழை எதுவும் கிடையாது, எல்லாம் குறைக்கிற பக்கமே விழுகிறது. ஐந்நூறில் 75 மறைந்திருந்தால் உங்களுக்கு 425 வரும். பத்து பேர் எண்ணினாலும் 425ஐச் சுற்றியே வரும். எல்லோருக்கும் ஒரே எண் வந்ததால் அது சரி என்று நம்பிவிடுவது இந்த வேலையில் பெரிய ஆபத்து.

மறைப்பு ஒரே சீராகவும் கூடுவதில்லை. நாலு பறவை தள்ளித்தள்ளி நின்றால் ஒன்று இன்னொன்றை மறைப்பது அரிது. அதே இடத்தில் நானூறு நின்றால் ஏறக்குறைய ஒவ்வொன்றும் இன்னொன்றை மறைக்கும். அதனால்தான் சின்ன எண்ணிக்கைக்கும் பெரிய எண்ணிக்கைக்கும் ஒரே திருத்தத்தைப் போட முடியாது.

அவரே மீண்டும்: சரி. மறைப்பு எவ்வளவு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: கூட்டம் தானாக எழும்பினால் உடனே ஒரு படம் எடுங்கள். பறக்கும்போது பறவைகள் பிரிந்து தெரியும். அந்த எண்ணையும் அமர்ந்திருந்த எண்ணையும் ஒப்பிடுங்கள். அதற்காகக் கூட்டத்தைக் கிளப்பிவிடாதீர்கள். அது பறவைகளுக்குச் செய்கிற கெடுதல், கணக்கும் கலைந்துபோகும். எழும்பாவிட்டால் அரை நிமிட இடைவெளியில் சில படங்கள் எடுத்து, ஒரே பகுதியை எல்லாவற்றிலும் எண்ணுங்கள். தலைகள் எழும்பித் தாழும்போது எண் எவ்வளவு ஆடுகிறது என்று தெரியும். கண்காணிப்புக் கோபுரம் இருக்கிற இடமென்றால் மேலே ஏறி எடுப்பது இவை எல்லாவற்றையும் விட மேல்.

மதுரை, ரத்தப் பரிசோதனைக் கூட ஊழியர்: எங்கள் அனுபவம் நேர் எதிராக இருக்கிறதே சார். நுண்ணோக்கியில் கட்டம் போட்ட சேம்பரில் செல் எண்ணுகிறோம். எண்ணிக்கை குறைவாக வந்தால்தான் நம்பிக்கை குறையும், இன்னும் கூடுதல் கட்டங்களை எண்ணச் சொல்வார்கள்.

பதில்: உங்கள் கேள்விக்காகவே இதை எழுத உட்கார்ந்தது நல்லதாயிற்று. நீங்கள் சொல்வதும் உண்மை, மேலே சொன்னதும் உண்மை. நீங்கள் எண்ணுவது ஒரு துளி, பதில் சொல்வது முழு ரத்தத்துக்கு. கட்டத்தில் நாலு செல் இருந்தது என்பதில் சந்தேகமில்லை. அந்தக் கட்டத்தில் நாலு விழுந்தது தற்செயல் என்பதுதான் பிரச்சினை.

படத்திலும் இதே கதைதான். படத்தை 60 கட்டமாகப் பிரித்து, ஒரே கட்டத்தில் நாலு பறவையை எண்ணி, அறுபதால் பெருக்கி 240 என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். நாலு என்ற எண்ணில் தற்செயலான ஏற்ற இறக்கம் இரண்டு, அதாவது பாதி. 240 என்பது 120ஆகவும் இருக்கலாம், 360ஆகவும் இருக்கலாம். பதினைந்து கட்டங்களை எண்ணி 60 பறவை கிடைத்தால் ஏற்ற இறக்கம் எட்டுக்குப் பக்கம், எட்டில் ஒரு பங்கு. அதுவும் பறவைகள் சீராகப் பரவியிருந்தால்தான். உள்ளான்கள் கொத்துக் கொத்தாக நிற்பவை, ஆகவே உண்மையான ஆட்டம் இதைவிடக் கூடுதல்.

ஆகவே கட்டம் போடுங்கள், ஆனால் பெருக்குவதற்காக அல்ல. கூட்டத்தைச் சிறு சிறு எண்ணிக்கைகளாக உடைத்து எல்லாக் கட்டத்தையும் எண்ணுவதற்காக. ஆயிரத்துக்குள் என்றால் முழுசாக எண்ணிவிடலாம், அதற்குப் பொறுமை போதும். கோட்டின் மேல் நிற்கிற பறவைக்கு உங்கள் பரிசோதனைக் கூட வழக்கத்தையே வைத்துக்கொள்ளுங்கள்: மேல் கோடும் இடக் கோடும் தொடுவது கணக்கில் உண்டு, கீழும் வலமும் தொடுவது அடுத்த கட்டத்துக்கு. இந்த ஒழுங்கு இல்லாமல் அறுபது கட்டம் எண்ணினால், கட்டத்துக்கு ஒன்று இரட்டிப்பானாலே அறுபது பறவை கூடிவிடும்.

திருநெல்வேலி, பள்ளி ஆசிரியர்: என் மாணவர்கள் இருவர் கூந்தன்குளத்தில் எடுத்த ஒரே வாத்துப் படத்தை எண்ணினார்கள். ஒருவருக்கு 212, மற்றவருக்கு 205. சராசரி போட்டு 208 என்று எழுதிவிடலாமா?

பதில்: வேண்டாம் ஐயா, சராசரி இங்கே உண்மையிலிருந்து விலக்கிவிடும். இருவரும் எண்ணிய பறவைமேல் புள்ளி வைத்தார்களா? இல்லையென்றால் மறுபடி வைக்கச் சொல்லுங்கள். DotDotGoose என்ற இலவச மென்பொருள் இதற்கென்றே இருக்கிறது, ImageJஇலும் செய்யலாம். பிறகு இரண்டு பேரின் புள்ளிகளையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து, இரட்டைப் புள்ளிகளை நீக்கிவிட்டு, பொதுவானவை எத்தனை என்று பாருங்கள்.

பொதுவானவை 190 என்று வைத்துக்கொள்வோம். இரண்டாமவர் கண்ட 205இல் முதலாமவரும் கண்டது 190. அப்படியானால் முதலாமவரின் கண்ணுக்குப் படுவது நூற்றுக்கு ஏறக்குறைய 93. அவர் கண்ட 212 மொத்தத்தில் 93 சதவீதம் என்றால், மொத்தம் ஏறக்குறைய 229. இருவரில் ஒருவராவது குறித்தவை 212ஐயும் 205ஐயும் கூட்டி 190ஐக் கழித்தால் 227. ஆக, இருவர் கண்ணிலும் படாமல் போனவை இரண்டு இருக்கலாம். குளத்தில் மீனைப் பிடித்துக் குறியிட்டு விட்டு, திரும்பப் பிடித்துக் கணக்கிடுகிறார்களே, அதே முறைதான்.

இதற்கும் எல்லை உண்டு. மங்கலான பறவை இருவருக்குமே மங்கல்தான். அவர்கள் தவறவிடுவது ஒரே பறவைகளாக இருக்கும், அதனால் 229ம் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். முழுதாக மறைந்தவை இந்தக் கணக்குக்குள் வரவே வராது.

இன்னொன்று: வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் எண்ணச் சொல்லாதீர்கள். அது படத்தைச் சுருக்கிவிடும், பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற இரண்டு வாத்து ஒன்றாகிவிடும். கேமராவிலிருந்து நேராக எடுத்த கோப்பையே கொடுங்கள்.

சேலம் வாசகர்: எங்கள் ஊர்த் திருவிழாவுக்கு ஐம்பதாயிரம் பேர் வந்ததாகச் சொல்கிறார்கள். மேடையிலிருந்து எடுத்த படம் இருக்கிறது. எண்ணித் தருவீர்களா?

பதில்: மேடையிலிருந்து எடுத்த படத்தில் முன்வரிசை முகங்கள்தான் இருக்கும், பின்னால் எவ்வளவு தூரம் கூட்டம் என்று தெரியாது. 1960களில் பெர்க்லியில் இதழியல் ஆசிரியராக இருந்த ஜேக்கப்ஸ், படத்தில் உள்ள தலைகளோடு மைதானத்தின் பரப்பையும் சேர்த்தார். தளர்வான கூட்டத்தில் ஆளுக்குப் பத்து சதுர அடி, நெருக்கமான கூட்டத்தில் நாலரை சதுர அடி என்பது அவர் கணக்கு. உங்கள் திடலின் பரப்பை அளந்து நாலரையால் வகுத்துப் பாருங்கள். ஐம்பதாயிரம் பேருக்கு இரண்டேகால் லட்சம் சதுர அடி வேண்டும். திடல் அதைவிடச் சிறியது என்றால், ஒரே நேரத்தில் அத்தனை பேர் நின்றிருப்பார்களா என்பது சந்தேகம்தான். வந்து போனவர்கள் கணக்கு வேறு.

தஞ்சாவூர் மாணவி மீண்டும்: கடைசியாக ஒன்று அண்ணா. படத்தின் தூரத்து ஓரத்தில் பறவைகள் வெறும் கோடாகத் தெரிகின்றன. பிரித்தே பார்க்க முடியவில்லை. அங்கே என்ன எழுதுவது?

பதில்: களத்தில் இருப்பவர்களுக்குள்ளேயே இதில் ஒற்றுமை இல்லை. பிரித்துக் காண முடிந்ததை மட்டும் எழுதி, "குறைந்தபட்சம்" என்று சேர்ப்பவர்கள் ஒரு பக்கம். அப்படிச் செய்தால் வருடா வருடம் கூட்டம் பெருத்தாலும் ஏட்டில் தெரியாமலே போகும் என்று, தங்கள் மதிப்பீட்டை எழுதுபவர்கள் மறு பக்கம். இரண்டாவது தரப்பின் கவலை எனக்குப் புரிகிறது. ஆனாலும் நான் இரண்டையும் தனித்தனியாகத்தான் எழுதுவேன்: அருகில் புள்ளி வைத்து எண்ணியது இவ்வளவு, தூரத்துக் கோட்டில் இவ்வளவிலிருந்து இவ்வளவுக்குள் இருக்கலாம் என்று. இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாக்கினால், எண்ணியது எது, ஊகித்தது எது என்று அடுத்த ஆண்டு வருபவருக்குத் தெரியாது. படிவத்தில் ஒரே எண்ணுக்குத்தான் இடம் இருந்தால், குறிப்புப் பகுதியில் இந்தப் பிரிவை எழுதி, படத்தையும் சேர்த்தே அனுப்பும்மா.