ஆகியவா, முதலியவா? e.g., i.e. குழப்பம் தீர ஒரு வழி

கேள்வி: e.g., i.e. இரண்டும் எனக்கு எப்போதும் குழம்புகிறது. ஆய்வேட்டில் எதை எங்கே போட வேண்டும், எங்கே போடாமல் இருப்பது நல்லது?

மதுரையில் பதினோரு ஆண்டுகளாக ஆய்வேடுகளுக்கு மொழி திருத்தம் பார்க்கிறேன். பெரும்பாலும் நர்சிங், மருத்துவம், கொஞ்சம் பொறியியல். இந்த இரண்டு சுருக்கங்களும் இடம் மாறிக் கிடக்காத ஆய்வேடு என் கைக்கு வருவது அபூர்வம். அப்படி மாறிப்போவதற்கு நம் பேச்சுத் தமிழும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

e.g. என்றால் உதாரணமாக, i.e. என்றால் அதாவது என்று பள்ளியிலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். அதில் தவறே இல்லை. e.g. என்பது லத்தீனில் எக்ஸெம்ப்ளி கிராட்டியா, உதாரணத்தின் பொருட்டு. i.e. என்பது இட் எஸ்ட். அதைப் பிரித்துப் பார்த்தால் நம் 'அதாவது' போலவேதான் இருக்கும். சிக்கல் எங்கே வருகிறதென்றால், பேச்சில் நாம் அதாவது என்ற சொல்லை உதாரணம் சொல்லவும் பயன்படுத்துகிறோம். "ஊருக்குப் போனா நல்ல பழம் கிடைக்கும், அதாவது மாம்பழம், கொய்யா..." என்று சொல்லும்போது ஊரில் அந்த இரண்டு பழங்கள் மட்டும்தான் கிடைக்கும் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. அதே பழக்கத்தில் ஆங்கிலம் எழுதும்போது கை i.e. என்று தட்டிவிடுகிறது. ஆங்கிலத்தில் i.e. அவ்வளவு நெகிழ்ந்து கொடுக்காது.

அதனால் என்னிடம் வரும் மாணவர்களுக்கு அதாவது, உதாரணமாக என்ற சோதனையைச் சொல்வதில்லை. ஆகிய, முதலிய என்ற இரண்டு சொற்களைப் போட்டுப் பார்க்கச் சொல்கிறேன். "சேரர், சோழர், பாண்டியர் ஆகிய மூவேந்தர்" என்றால் கணக்கு முடிந்தது, நான்காவது ஆள் கிடையாது. "மா, பலா, வாழை முதலிய மரங்கள்" என்றால் பட்டியல் திறந்திருக்கிறது, இன்னும் இருக்கின்றன. அடைப்புக்குறிக்குள் நீங்கள் எழுதிய பட்டியலைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். கடைசியில் ஆகிய வந்தால் i.e., முதலிய வந்தால் e.g. பட்டியலாக இல்லாமல் ஒரே பொருளை வேறு சொல்லில் சொல்வதாக இருந்தால், இரண்டு பக்கத்தையும் இடம் மாற்றிப் பாருங்கள். பொருள் மாறவில்லை என்றால் i.e. சரி.

இது வெறும் இலக்கணப் பிரச்சினை இல்லை என்று எனக்குப் புரியவைத்தது ஒரு நர்சிங் ஆய்வேடு. இரவுப் பணியும் தூக்கமும் பற்றியது. யாரையெல்லாம் ஆய்வில் சேர்க்கவில்லை என்ற பகுதியில் அந்த மாணவி இப்படி எழுதியிருந்தார்:

```
Participants with chronic illness (i.e., diabetes and
hypertension) were excluded.
```

நீண்டகால நோய் என்றாலே நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம் ஆகிய இரண்டும்தான் என்று இந்த வாக்கியம் சொல்கிறது. அடுத்த பக்கத்து அட்டவணையில், விலக்கப்பட்டவர்கள் 14 பேர். நீரிழிவு 6, ரத்த அழுத்தம் 5, தைராய்டு குறைபாடு 3. இந்த அத்தியாயம் நான் பார்ப்பதற்கு முன்பே மதிப்பீட்டாளரிடம் போய்விட்டது. அவர் ஓரத்தில் ஒரே ஒரு கேள்விதான் எழுதியிருந்தார்: நீங்கள் வகுத்த விதிப்படி அந்த மூன்று பேரை ஏன் விலக்கினீர்கள்? நியாயமான கேள்வி. விதியில் இல்லாத காரணத்துக்காக மூன்று பேரை நீக்கியிருந்தால், முடிவுக்கு வசதியாக ஆட்களைக் கழித்தார்களோ என்ற சந்தேகம் வரத்தான் செய்யும். அந்த மாணவியின் மனதில் இருந்தது முதலிய. விரல் தட்டியது ஆகிய.

"அப்போ e.g. போட்டா சரியாயிடும்ல அக்கா?" என்று கேட்டார். போட்டுப் பார்த்தோம்:

```
Participants with chronic illness (e.g., diabetes,
hypertension) were excluded.
```

மொழி இப்போது சரி. ஆய்வு முறை இன்னும் சரியில்லை. வேறொருவர் இந்த ஆய்வைத் திரும்பச் செய்ய வேண்டும் என்றால், ஆஸ்துமா உள்ளவரைச் சேர்ப்பாரா, விலக்குவாரா? 'முதலிய' என்று பட்டியலைத் திறந்து விட்டால் அவருக்கு எப்படித் தெரியும்? விதி என்று வந்துவிட்டால் உதாரணம் போதாது, முழுப் பட்டியல் வேண்டும். கடைசியில் இரண்டு சுருக்கத்தையும் எடுத்துவிட்டோம்:

```
Participants with diabetes, hypertension or
hypothyroidism were excluded.
```

சேர்ப்பு விதி, விலக்கு விதி, மருந்தின் அளவு, கருவியின் மாதிரி, இந்த இடங்களில் e.g. கண்ணில் பட்டாலே நான் நிறுத்தி, "மீதி என்னென்ன?" என்று கேட்பேன். மீதி ஒன்றும் இல்லை என்று பதில் வந்தால் e.g. தவறு. மீதி இருக்கிறது என்றால் அதையும் எழுத வேண்டும். முன்னுரையிலும் விவாதப் பகுதியிலும் e.g. தாராளமாக வரலாம். அங்கே வாசகருக்கு ஒரு படம் கிடைத்தால் போதும்.

இன்னொன்று, e.g. போட்ட பட்டியலின் முடிவில் etc. சேர்க்காதீர்கள். பட்டியல் முழுமையில்லை என்று தொடக்கத்திலேயே சொல்லியாகிவிட்டது. i.e. பட்டியலின் முடிவில் etc. வந்தால் அது இன்னும் மோசம். முழுமை என்று சொல்லிவிட்டு முழுமையில்லை என்று முடிக்கிறோம்.

அப்புறம், எங்கே போடுவது என்ற கேள்வி. நர்சிங், உளவியல், கல்வியியல் துறைகளில் அதிகம் கேட்கப்படும் ஏ.பி.ஏ. நடையில் விதி தெளிவானது. இந்தச் சுருக்கங்கள் அடைப்புக்குறிக்குள் மட்டும். ஓடும் வாக்கியத்தில் for example, that is என்று முழுதாக எழுத வேண்டும். et al. மட்டும் இரண்டு இடத்திலும் வரலாம். சிகாகோ நடையும் ஏறக்குறைய இதையே விரும்புகிறது. உங்கள் பல்கலைக்கழகம் எந்த நடை என்று சொல்லாவிட்டாலும் இதைப் பின்பற்றுங்கள், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். வாக்கியத்தை E.g. என்று தொடங்குவதை மட்டும் எந்த நடையிலும் செய்யாதீர்கள்.

மேற்கோள் அடைப்புக்குறிக்குள் e.g. வரும்போது அதற்கு ஒரு தனி வேலை உண்டு. ஒரு கருத்தைப் பலர் சொல்லியிருக்கிறார்கள், நீங்கள் இரண்டு பேரை மட்டும் குறிப்பிடுகிறீர்கள் என்றால், பெயர்களுக்கு முன்னால் e.g. போட வேண்டும். போடாவிட்டால் அந்த இரண்டு பேரை மட்டுமே சான்றாகக் காட்டுகிறீர்கள் என்று ஆகிவிடும். சில துறைகளில் இலக்கிய மீளாய்வு பகுதியில் நான் அதிகம் சேர்க்கும் இரண்டு எழுத்து இதுதான்.

புள்ளியும் காற்புள்ளியும் ஊருக்கு ஊர் மாறும். அமெரிக்க நடையில் இரண்டு எழுத்துக்குப் பின்னும் புள்ளி, அதற்குப் பின் ஒரு காற்புள்ளி. பிரிட்டிஷ் நடையில் புள்ளி வைத்தாலும் காற்புள்ளியைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். கார்டியன் நாளிதழ் புள்ளியே வைக்காமல் eg, ie என்று அச்சிடுகிறது. எதை எடுத்தாலும் ஆய்வேடு முழுக்க ஒன்றாக இருக்கட்டும். சாய்வெழுத்து தேவையில்லை. ஆங்கிலத்தில் நன்றாக ஊறிப்போன சுருக்கங்கள் இவை. லேடெக்கில் தட்டச்சு செய்பவர்களுக்கு ஒரு சின்ன எச்சரிக்கை. காற்புள்ளி போடாத நடையில் எழுதினால், g-க்குப் பின் வரும் புள்ளியை அது வாக்கியத்தின் முடிவு என்று நினைத்து இடைவெளியை அகலமாக்கிவிடும். அதனால் இப்படித் தட்டச்சு செய்யுங்கள்:

```
e.g.\ diabetes
```

எங்கே போடாமல் இருப்பது நல்லது என்றும் கேட்டிருக்கிறீர்கள். பொதுமக்கள் படிக்கும் எதிலும் வேண்டாம் என்பேன். நோயாளிக்குக் கொடுக்கும் தகவல் தாள், ஒப்புதல் படிவம், கேள்வித்தாள் எல்லாம் இதில் சேரும். பிரிட்டன் அரசின் GOV.UK தளம் 2016-இல் eg, ie, etc. மூன்றையும் படிப்படியாக எடுத்துவிடுவதாக அறிவித்தது. ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்களுக்கு இவை புரிவதில்லை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் எனக்கு மறக்கவே மறக்காது. பார்வையற்றோருக்காகத் திரையைப் படித்துக் காட்டும் மென்பொருள்கள் சில, புள்ளியில்லாத eg என்பதை முட்டை என்று பொருள்படும் எக் என்றே உச்சரித்தனவாம். அங்கே for example, such as, including என்று எழுதச் சொல்கிறார்கள். i.e. வரும் இடத்தில் meaning அல்லது that is போதும்.

ஒப்பந்தம், டெண்டர், காப்புரிமை விண்ணப்பம் போன்றவற்றில் i.e. இன்னும் கவனமாகக் கையாள வேண்டியது. அமெரிக்காவில் காப்புரிமை மேல்முறையீடுகளைக் கேட்கும் ஃபெடரல் சர்க்யூட் நீதிமன்றம் 2009-இல் எட்வர்ட்ஸ் லைஃப்சயின்சஸ் எதிர் குக் வழக்கில் இதைப் பற்றியே பேசியது. ரத்தக்குழாய்க்குள் வைக்கும் செயற்கைக் குழாய் பற்றிய காப்புரிமை அது. i.e. என்று எழுதினால், அதற்கு முன்னுள்ள சொல்லுக்கு வரையறை தர நினைக்கிறார் என்று கொள்ளலாம் என்பது நீதிமன்றத்தின் கருத்து. எல்லா வழக்கிலும் நீதிமன்றங்கள் இப்படியே பார்த்ததில்லை, ஆவணத்தின் மற்ற பகுதிகளையும் சேர்த்துத்தான் படிப்பார்கள். இருந்தாலும் உதாரணம் என்று நினைத்து i.e. எழுதியவர், தன் கண்டுபிடிப்பைத் தானே சுருக்கிக்கொள்ளும் வாய்ப்பு இருக்கிறது. பொறியியல் மாணவர் யாராவது விண்ணப்பம் எழுதிக்கொண்டு வந்தால் அதில் உள்ள ஒவ்வொரு i.e.-யையும் வழக்கறிஞரிடம் காட்டச் சொல்வேன்.

சமர்ப்பிக்கும் முன் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். Ctrl+F அழுத்தி முதலில் i.e. என்று தேடுங்கள், புள்ளியில்லாமல் எழுதும் பழக்கம் இருந்தால் முழுச் சொல்லை மட்டும் தேடும் வசதியை வைத்து ie என்றும் தேடுங்கள். ஒவ்வொன்றிலும் நின்று ஆகிய போட்டுப் படியுங்கள். பிறகு e.g. தேடி முதலிய போட்டுப் படியுங்கள். இருநூறு பக்க ஆய்வேட்டுக்கு எனக்கு அரை மணி நேரம் ஆகிறது. ஆய்வு முறை அத்தியாயத்தை முதலில் பாருங்கள். அந்த மாணவிக்குத் தடங்கல் வந்த இடம் அதுதான்.