புதிய சப்ளையரிடம் ஆவணங்களைக் கேட்பது: கேள்வி பதில்

கோவை, பம்ப்செட் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவிலிருந்து: ஒரு லேத் பட்டறையை ஜாப் ஒர்க்கிற்குச் சேர்க்கிறோம். ஆவணம் கேட்டு மூன்று மின்னஞ்சல் அனுப்பியும் இன்னும் முழுமையாக வரவில்லை. ஒரே தடவையில் எப்படிக் கேட்பது?

முதல் மின்னஞ்சலில் பான், இரண்டாவதில் கேன்சல் செக், மூன்றாவதில் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான உத்யம் பதிவு என்று பிரித்துக் கேட்டால், பட்டறைக்காரர் ஒவ்வொரு முறையும் தம் கணக்காளரைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. ஆகவே ஒரே கடிதத்தில் கேளுங்கள். ஒவ்வொரு ஆவணத்திற்கும் எதிரே, அது இல்லாவிட்டால் எதை அனுப்பலாம் என்பதையும் எழுதிவிடுங்கள். பெரும்பாலான தாமதம், கேட்ட ஆவணம் அவரிடம் இல்லாததாலும், அதைச் சொல்ல அவர் தயங்குவதாலும் வருகிறது. நான் அனுப்பும் கடிதம் இப்படி இருக்கும்:

> ஐயா, தங்கள் பட்டறையை எங்கள் சப்ளையர் பதிவில் சேர்க்க, கீழ்க்கண்டவற்றை ஒரே மின்னஞ்சலில் அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம்.
> 1. ஜிஎஸ்டி பதிவுச் சான்றிதழ், இணைப்புப் பக்கங்களுடன். பதிவு இல்லையெனில், இல்லை என்று கையொப்பமிட்ட கடிதம்.
> 2. பான் அட்டை நகல். தனி உரிமையாளர் எனில் உரிமையாளருடையது. கூட்டு நிறுவனம் அல்லது கம்பெனி எனில் நிறுவனத்துடையது.
> 3. பெயர் அச்சிடப்பட்ட கேன்சல் செக். பெயர் அச்சாகவில்லையெனில் பாஸ்புக் முதல் பக்கம் அல்லது வங்கியின் கடிதம்.
> 4. உத்யம் சான்றிதழ். இல்லையெனில், இல்லை என்று ஒரு வரி.
> 5. கூட்டு நிறுவனம் எனில் கூட்டு ஒப்பந்தம். கம்பெனி எனில் பதிவுச் சான்றிதழ். தனி உரிமையாளருக்கு இது தேவையில்லை.
> ஆதார் நகல் அனுப்ப வேண்டாம்.

அதற்குக் கீழே, சந்தேகம் கேட்க ஒருவரின் தொலைபேசி எண்ணையும், எந்தத் தேதிக்குள் வந்தால் முதல் பில்லுக்கு எப்போது பணம் போகும் என்பதையும் சேர்க்கிறேன். ஐந்தாவது வரியில் தனி உரிமையாளரை விலக்கியது முக்கியம். லேத் பட்டறைக்காரரிடம் கம்பெனிப் பதிவுச் சான்றிதழ் கேட்கும் பொதுப் படிவங்களைப் பார்த்திருக்கிறேன். அவர் அந்த இடத்திலேயே நின்றுவிடுவார்.

ஓசூரிலிருந்து ஒருவர்: ஜிஎஸ்டி எண்ணுக்குள்ளேயே பான் இருக்கிறது. பிறகு எதற்குத் தனியாகக் கேட்க வேண்டும்?

இருப்பது உண்மைதான். முதல் இரண்டு இலக்கம் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து எழுத்துகள் பான். அதனால்தான் அட்டை நகல் வந்ததும் அந்தப் பத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கிறேன். பானின் நான்காவது எழுத்து P எனில் தனிநபர், F எனில் கூட்டு நிறுவனம், C எனில் கம்பெனி. ஒப்பந்தப் பணிக்கான டிடிஎஸ் தனிநபருக்கு 1%, நிறுவனத்திற்கு 2% என்பதால், பிடித்தம் செய்யும் விகிதத்தை அந்த ஓர் எழுத்தே சொல்லிவிடும்.

ஆனால் அந்தப் பான் உயிரோடு இருக்கிறதா என்று ஜிஎஸ்டி எண் சொல்லாது. ஆதாருடன் இணைக்காமல் விட்ட தனிநபரின் பான் செயலிழந்திருந்தால், பிடித்தம் 20% ஆகிவிடும். இதை முதல் பில்லுக்கு முன்பே வருமான வரித் தளத்தில் பார்த்துச் சொல்லிவிட்டால், பட்டறைக்காரருக்கு அதைச் சரிசெய்ய நேரம் கிடைக்கும். பணம் குறைந்து போன பிறகு சொன்னால் சண்டைதான் மிஞ்சும்.

முதலில் கேட்ட கோவைக்காரரே: கேன்சல் செக் வந்தது. அதில் பட்டறையின் பெயர் இல்லை, ஒரு நபரின் பெயர்தான் இருக்கிறது. இதை ஏற்கலாமா?

ஜிஎஸ்டி தளத்தில் அவர்களுடைய எண்ணைத் தேடுங்கள். அங்கே சட்டப் பெயர், வணிகப் பெயர் என்று இரண்டு தெரியும். தனி உரிமையாளருக்குச் சட்டப் பெயராக அந்த நபரின் பெயரே வரும். பட்டறையின் பெயர் வணிகப் பெயராக இருக்கும். பான் அட்டையிலும், சட்டப் பெயரிலும், காசோலையிலும் அதே நபர் இருந்தால் ஏற்கலாம். ‘சு. முருகன்’, ‘முருகன் சுப்பையா’ என்பது போன்ற முன்னெழுத்து வேறுபாடு நம் ஊரில் சகஜம்; அதற்கு ஒரு வரி விளக்கம் வாங்கிக் கோப்பில் வைத்தால் போதும்.

காசோலை மகன் பெயரிலோ மனைவி பெயரிலோ இருந்தால் ஏற்காதீர்கள். பில் ஒருவர் பெயரிலும், பணம் இன்னொருவர் பெயரிலும் போனால், பின்னாளில் பணம் வரவில்லை என்று அவர் சொல்லும்போது காட்ட உங்களிடம் எதுவும் இராது. சான்றிதழின் இணைப்புப் பக்கத்தில் உரிமையாளர் அல்லது பங்குதாரர்களின் பெயர் இருக்கும். இணைப்பையும் கேட்டது இதற்காகவே.

அதே தளத்தில் பதிவின் நிலையையும் பாருங்கள். ரத்து செய்யப்பட்டிருந்தால், சான்றிதழின் நகல் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் பயனில்லை. கடைசியாக ஒரு ரூபாய் அனுப்பி, வந்து சேர்ந்ததா என்று அவரிடமே கேளுங்கள். பணம் அனுப்பும் முன் கணக்குதாரரின் பெயரைக் காட்டும் வசதி வங்கிகளில் வந்திருக்கிறது. அதில் தெரியும் பெயரைப் படம் பிடித்துக் கோப்பில் சேருங்கள்.

அம்பத்தூரிலிருந்து ஒரு பட்டறை உரிமையாளர்: நான் கொடுக்கும் பக்கத்தில் இருக்கிறேன். ஒரு கம்பெனி ஆறு மாத வங்கி ஸ்டேட்மெண்ட் கேட்கிறது. கொடுக்கத்தான் வேண்டுமா?

கணக்கு உங்களுடையது என்று காட்ட ஸ்டேட்மெண்டின் முதல் பக்கம் போதும். வரவு செலவு வரிகளை மறைத்து அனுப்பலாம். கேன்சல் செக் இருந்தால் அதுவும் வேண்டாம். உங்கள் மற்ற வாடிக்கையாளர்கள் யார், அவர்கள் எவ்வளவு தருகிறார்கள் என்பதை வாங்குபவர் தெரிந்துகொள்ளக் காரணமே இல்லை. மரியாதையாக மறுத்து, மாற்றாக வங்கிக் கடிதம் தருவதாக எழுதுங்கள். அனுப்பும் ஒவ்வொரு நகலின் குறுக்கேயும் எந்த நிறுவனத்துக்காக, எந்தத் தேதியில் என்று எழுதிக் கையொப்பமிடுங்கள்.

ஈரோட்டிலிருந்து ஒரு கொள்முதல் அலுவலர்: உத்யம் கேட்காமல் விடுவதுதான் நமக்கு லாபம் இல்லையா? கேட்டால் 45 நாளில் பணம் தர வேண்டும்.

இதில் எனக்கு உடன்பாடு இல்லை. பதிவு இருந்தும் நீங்கள் கேட்காமல் விட்டதால் அவருடைய உரிமை போய்விடாது. மேலும், 45 நாள் என்பது எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தால் கிடைக்கும் உச்சவரம்பு. ஒப்பந்தம் இல்லையெனில் 15 நாள்தான். கெடு தவறி நிதியாண்டு முடிந்தும் நிலுவையில் இருக்கும் தொகையை, அந்த ஆண்டின் செலவாக வருமான வரிக் கணக்கில் காட்ட முடியாது. பணம் கொடுத்த ஆண்டில்தான் காட்டலாம். இது குறு, சிறு நிறுவனங்களுக்குப் பொருந்தும், நடுத்தர நிறுவனங்களுக்குப் பொருந்தாது. எனவே சான்றிதழில் எந்த வகை என்று போட்டிருப்பதையும், உற்பத்தியா சேவையா வணிகமா என்பதையும் பதிவில் குறித்துக்கொள்ளுங்கள். வாங்கி விற்பவரின் உத்யம் பதிவு வங்கிக் கடன் முன்னுரிமைக்காக மட்டுமே என்பதால், அவருக்கு இந்தக் கெடு பொருந்தாது என்றே பெரும்பாலும் கொள்ளப்படுகிறது.

பொருள் தந்த பிறகு உத்யம் வாங்கியவருக்குப் பழைய பில்களுக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டா என்பதில் ஒரே கருத்து இல்லை. அப்படி யாராவது வந்தால் உங்கள் ஆடிட்டரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அதே ஈரோட்டுக்காரர்: எல்லாம் முடித்துச் சேர்த்த சப்ளையரிடமிருந்து, கணக்கு மாறிவிட்டது என்று ஒரு மின்னஞ்சல், புதிய கேன்சல் செக்குடன். மறுபடி முழுப் பட்டியலும் கேட்க வேண்டுமா?

முழுப் பட்டியல் வேண்டாம், ஆனால் மின்னஞ்சலை நம்பி மாற்றவும் வேண்டாம். சப்ளையரின் மின்னஞ்சலுக்குள் புகுந்தோ, ஓர் எழுத்து மாறிய முகவரியிலிருந்தோ வரும் மோசடிக் கடிதங்கள் இப்படித்தான் இருக்கும். முதலில் சேர்க்கும்போது கோப்பில் எழுதிய தொலைபேசி எண்ணுக்கு நீங்களே பேசுங்கள். மின்னஞ்சலின் கீழே இருக்கும் எண்ணுக்கு அல்ல. உரிமையாளர் உறுதி செய்ததும் ஒரு ரூபாய்ச் சோதனையை மறுபடி செய்து, பதிவை ஒருவர் மாற்ற, இன்னொருவர் ஒப்புதல் தர வேண்டும். பெயர் முன்பிருந்த சட்டப் பெயரோடு பொருந்தாவிட்டால், அடுத்த பில் எவ்வளவு அவசரமானாலும் பணத்தை நிறுத்தி வைக்கச் சொல்கிறேன்.