ஏற்காட்டுப் பயிற்சி: 4.30-க்கு முடிக்க

“ஏற்காட்டில் 40 பேருக்கு ஒருநாள் பயிற்சி. 9.30-க்குத் தொடங்கி 4.30-க்கு முடியணும், சேலம் இறங்கணும். ஐந்து அமர்வு வைக்கலாமா?”

நான்கு போதும். மொத்தம் 420 நிமிடம். சாப்பாட்டுக்கு 60, இரண்டு டீக்கு இருபது இருபது. ஒரே மேசையில் 40 பேர் டீ வாங்கப் பத்து நிமிடம் பத்தாதுங்க. அறிமுகத்துக்கு 15. மிச்சம் 305-ல் அமர்வுக்கு 65 வீதம் 260 போனால் 45 நிமிடம் கையிருப்பு.

அதில் 15-ஐ சாப்பாட்டுக்கு முன்னும் 30-ஐ கடைசியிலும் வையுங்கள். காலைத் தாமதம் மதியத்தைத் தொடாது. ஆனால் அச்சிட்ட நிரலில் காட்டாதீர்கள், பேச்சாளர் அதையும் தின்றுவிடுவார்.

சாப்பிட உட்காரும்போதே 12.40 தாண்டியிருந்தால், நான்காம் அமர்வின் குழுப் பயிற்சியை அப்போதே வெட்டிவிடுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவையும் மூடுபனியில் இறங்குவது சிரமம்.